நாளுக்கு ஒரு வரியா, செலவுக்கு ஒரு வரியா?

வீட்டுச் செலவுக்கு முதல்முறையாக எக்செல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ அட்டவணை போடுபவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குவார்கள்: இடப்பக்கம் 1 முதல் 31 வரை தேதி, மேலே மளிகை, காய்கறி, பால், மருந்து என்று வகைகள். மாதம் முடிந்ததும் ஒவ்வொரு பத்தியின் அடியிலும் கூட்டல். நோட்டில் எழுத இது அருமையான வடிவம்.

திரையில்தான் சிக்கல். காலையில் 60 ரூபாய்க்குக் கீரை, மாலையில் 45 ரூபாய்க்குத் தக்காளி வாங்குகிறீர்கள். ஒரே கட்டத்தில் 60+45 என்று எழுதினால், முன்னால் = போடாதவரை அது வெறும் எழுத்து. SUM அதை விட்டுவிட்டுக் கூட்டும், எச்சரிக்கையும் வராது. "60 ரூ" என்று எழுதினாலும் இதே கதிதான். எண் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும். அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

அடுத்த வழி, ஒவ்வொரு செலவுக்கும் ஒரு வரி. பத்திகள் ஐந்து போதும்:

| தேதி | விவரம் | வகை | தொகை (₹) | கொடுத்த விதம் |
|---|---|---|---|---|
| 3 | அரிசி, பருப்பு | மளிகை | 860 | யுபிஐ |
| 3 | சோப்பு, பவுடர் | சுத்தம் | 180 | யுபிஐ |
| 3 | நோட்டுகள் | படிப்பு | 200 | யுபிஐ |
| 3 | கீரை | காய்கறி | 60 | ரொக்கம் |

முதல் மூன்றும் ஒரே கடையின் 1,240 ரூபாய் பில். வகைக்குக் கடைப் பெயரையோ "சூப்பர் மார்க்கெட்" என்றோ வைத்திருந்தால், படிப்புச் செலவு மளிகைக்குள் ஒளிந்துகொண்டிருக்கும். எதற்காக வாங்கினோம் என்பதுதான் வகை. யுபிஐ, கார்டு எல்லாம் கொடுத்த விதம், அவை வகைக்குள் வரக்கூடாது. ரூபாய்க் குறியைத் தலைப்பிலேயே போட்டுவிட்டால், கட்டத்தில் எண் மட்டும் இருக்கும்.

வகைவாரி மொத்தம் வேண்டுமா? வகை C பத்தியிலும் தொகை D பத்தியிலும் இருப்பதால், அந்த இரண்டுக்கும் வெளியே ஒரு காலிக் கட்டத்தில் இதை எழுதுங்கள்:

```
=SUMIF(C:C,"மளிகை",D:D)
```

இந்த வடிவத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஒரு நாள் "மளிகை", இன்னொரு நாள் "மளிகை சாமான்" என்று எழுதினால் இரண்டாவது மொத்தத்தில் சேராது. Data மெனுவில் Data validation மூலம் வகைப் பத்திக்கு ஒரு பட்டியல் கொடுத்து, அதிலிருந்தே தேர்ந்தெடுங்கள். தொடக்கத்தில் எட்டு, பத்து வகை தாராளம். "இதர" இருக்கட்டும், ஆனால் அது மளிகையை எட்டிப் பிடித்தால் உள்ளே ஒரு புது வகை இருக்கிறது, பிரித்துவிடுங்கள்.

என் தேர்வு இரண்டாவதுதான். நோட்டில் மட்டும் எழுதுபவர் என்றால் முதலாவதை மாற்ற வேண்டாம்.

எந்த வடிவமானாலும் இரண்டு வரிகளில் கவனம் வேண்டும். கிரெடிட் கார்டில் வாங்கியதை அன்றே எழுதிவிட்டால், பில் கட்டும்போது மறுபடி எழுதக்கூடாது, ஒரே செலவு இரண்டு முறை ஏறிவிடும். அப்புறம், கரண்ட் பில். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. கட்டிய மாதம் 1,800, அடுத்த மாதம் 0 என்று தெரிந்தால் பயப்படவோ மகிழவோ வேண்டாம். வகையின் பெயரையே "கரண்ட் (2 மாதம்)" என்று வைத்துவிட்டால், மாதங்களை ஒப்பிடும்போது 900 என்று எடுத்துக்கொள்ளலாம்.