மூன்றும் செய்யும் மிஷினும் ஆடிக் காற்றும்: தள்ளுவண்டிக்கு எந்த வெல்டிங்?

"அண்ணாச்சி, நெல் மூட்டை தள்ள ஒரு டிராலி நானே அடிக்கலாம்னு இருக்கேன். ஆர்க்கா, சிஓடூவா, ஆர்கானா, எதுல ஆரம்பிக்க?" என்று வள்ளியூர் பக்கத்து நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். மூன்றும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் மிஷின்தான் என்னிடம் வருஷக்கணக்காக ஓடுகிறது. ஆர்க் என்றால் மருந்து பூசிய ராடை உருக்கி ஒட்டுவது. சிஓடூ என்றால் கன் வழியாக வரும் கம்பியை உருக்குவது, கார்பன் டை ஆக்சைடு வாயு அதைச் சுற்றி நின்று வெளிக் காற்று படாமல் காக்கும். ஆர்கான் என்றால் டங்ஸ்டன் முனையில் எழும் சூட்டில், ஆர்கான் வாயுவின் காவலில் ஒட்டுவது. அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆர்கானை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். இரும்பை வெள்ளையாகத் தேய்த்தெடுக்க வேண்டும். ஒரு கையில் டார்ச், மறு கையில் ஃபில்லர் கம்பி. டங்ஸ்டன் முனை உருகிய இரும்பில் ஒருமுறை பட்டாலும் நிறுத்திவிட்டுத் தீட்ட வேண்டும். எவர்சில்வர் வேலைக்கு அதுதான் ராஜா. மூட்டை தள்ளும் வண்டிக்கு அந்தப் பொறுமை தேவையில்லை.

சிஓடூவை நான் மனதாரப் பாராட்டுவேன். 2 மிமீ சதுரப் பைப்பில் 0.8 மிமீ கம்பியும் 17, 18 வோல்ட்டும் வைத்து கன்னை அழுத்தினால், புதுக் கைக்கும் அழகான வெல்டு வரும். ராடு ஒட்டுவது இல்லை, வெல்டு மேல் கசடாகப் படியும் ஸ்லாக்கைத் தட்டுவது இல்லை, பைப் ஓட்டையாவதும் குறைவு. சுவருக்குள் வேலை செய்பவருக்கு இதைவிடச் சுகமான வழி கிடையாது.

ஆனால் நம் ஊரில் எத்தனை பேர் சுவருக்குள் வெல்டு செய்கிறார்கள்? வீட்டு முற்றம், களம், வேப்ப மரத்தடி, இவைதான் பட்டறை. பணகுடி, காவல்கிணறு, ராதாபுரம் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பது சும்மா இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வைகாசி கடைசியில் புறப்படும் காற்று ஆவணி வரைக்கும் ஓயாது. கன் முனையில் நிமிஷத்துக்கு 10, 12 லிட்டர் வரும் வாயுவைக் கலைக்க அவ்வளவு பெரிய காற்றும் வேண்டாம். மணிக்கு 8 கிலோமீட்டர் வேகம் போதும். வேப்பிலை ஆடுகிறது என்றாலே சந்தேகப்பட வேண்டும். வாயு கலைந்ததைச் சத்தமே சொல்லிவிடும். சீராகப் பொரிகிற ஓசை மாறி வெடிவெடியாகக் கேட்கும், பொறி நாலாபக்கமும் தெறிக்கும், வெல்டில் ஊசி குத்தியது போலத் துளைகள் நிற்கும். அதன் மேலேயே இன்னொரு முறை ஓட்டினால் துளை மூடாது. கிரைண்டரால் அடிவரை எடுத்துவிட்டுத்தான் திரும்பப் போட வேண்டும். பலரும் செய்வது போல ரெகுலேட்டரைத் திறந்து வாயுவைக் கூட்டுவதும் பயன் தராது. அளவுக்கு மீறிய வேகத்தில் வரும் வாயு சுழன்று, வெளிக் காற்றையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இன்னொரு எரிச்சல் சிலிண்டர். கார்பன் டை ஆக்சைடு உள்ளே திரவமாக இருப்பதால், திரவம் தீரும்வரை அழுத்தமானி முள் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கும். பிறகு மளமளவென்று இறங்கிவிடும். மிச்சத்தை அறிய எடை போட்டுப் பார்ப்பதே வழி. காலி எடை சிலிண்டரிலேயே பொறித்திருக்கும். தீர்ந்தபின் நெல்லைக்கோ நாகர்கோவிலுக்கோ தூக்கிக்கொண்டு போக வேண்டும். வாயு இல்லாமல் ஓடும் ஃபிளக்ஸ் கம்பி காற்றைத் தாங்கும், உண்மைதான். அதற்குக் கன்னை நெகட்டிவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஸ்லாக்கும் வரும், பொறியும் தெறிக்கும், கம்பி விலையும் கூட. அதற்கு ராடே போதுமே.

ஆகவே ஆர்க். இதிலும் எனக்குக் கோபம் உண்டு. மெல்லிய பைப்பில் ஓட்டை விழுவதுதான் அந்தக் கோபம். அதைச் சமாளிக்கும் விதத்தை ஒரு வண்டியை வைத்தே சொல்கிறேன்.

மேடை 900 க்கு 600 மிமீ. 40 மிமீ சதுரப் பைப், கனம் 2 மிமீ, 6 மீட்டர் நீளம் ஒன்று போதும். 900 இல் இரண்டு, 520 இல் மூன்று குறுக்கு, கைப்பிடிக் கால் 850 இல் இரண்டு. மேலே பிடிக்க ஓர் அங்குல உருண்டைப் பைப்பைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம். விலை குறைவென்று 18 கேஜ் பைப் வாங்க வேண்டாம். புதுக் கைக்கு அது ராடில் நிற்காது. ஜிஐ பைப்பும் வேண்டாம். துத்தநாகப் புகையை இழுத்தால் அன்றிரவே குளிர்க்காய்ச்சல் வரும்.

வெட்டும்போதே பாதி வேலை முடிந்துவிடுகிறது. பைப் முனை மட்டமாக இல்லாமல் 2 மிமீ சந்து விட்டால் அங்கே ஓட்டை நிச்சயம். சந்துக்குள் ராடுத் துண்டைச் செருகி மேலே பூசுவது வெல்டு ஆகாது. சரியாகப் பொருந்தும்வரை தேய்த்துவிட்டு, மூலைக்கு மூலை புள்ளி போலச் சிறு வெல்டாக டேக் வைத்து, இரண்டு மூலைவிட்டத்தையும் டேப்பால் அளக்க வேண்டும். இரண்டும் 1082 மிமீ காட்டினால் சட்டம் நேர். வேறுபட்டால் இந்தக் கட்டத்திலேயே தட்டிச் சரிசெய்ய முடியும். முழு வெல்டு போட்டபின் முடியாது.

ராடு 6013, 2.5 மிமீ, கடையில் 12 கேஜ் என்று கேட்டால் தருவார்கள். ராடை நெகட்டிவில் மாட்டி 65 முதல் 70 ஆம்பியரில் தொடங்கலாம். குறுக்குப் பைப் வந்து மோதும் இடத்தில் நீளப் பைப்பின் விளிம்பு வளைவாக இருப்பதால் மேலே ஒரு சிறு பள்ளம் தெரியும். புதியவர்கள் ராடை நேராக அந்தப் பள்ளத்தில் வைக்கிறார்கள். குறுக்குப் பைப்பின் வெட்டு முனை மெல்லியது, சூடு ஓட இடமில்லாதது. முதலில் உருகுவது அதுதான். ராடை நீளப் பைப்பின் வளைவு மேல் நிறுத்தி, அங்கே உருகிய இரும்புக் குழம்பு திரண்டபின் வெட்டு முனையைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். 20 மிமீ போட்டதும் நிறுத்தி, எதிர் மூலைக்குப் போய்விட வேண்டும். ஒரே இடத்தில் தொடர்ந்தால் சூடு சேர்ந்து ஓட்டையும் விழும், சட்டமும் முறுக்கும்.

சக்கரத்துக்கு 6 மிமீ தகடு. இங்கே தவறு எதிர்ப்பக்கம் நடக்கும்: குழம்பு மெல்லிய பைப்பில் பிடித்துவிட்டு, தகட்டின் மேல் ஒட்டாமல் உட்கார்ந்திருக்கும். 80 ஆம்பியருக்கு ஏற்றி, சூட்டில் பெரும்பங்கைத் தகட்டுக்குக் கொடுக்க வேண்டும். வெட்டி மிச்சமான துண்டுகளில் முதலில் இதே ஜோடியைப் போட்டு, வைஸில் பிடித்துச் சுத்தியால் மடக்கிப் பாருங்கள். தகட்டிலிருந்து வெல்டு சுத்தமாகக் கழன்று, அடியில் பழைய கறுப்புத் தோல் அப்படியே தெரிந்தால் அது ஒட்டவே இல்லை. சிஓடூவிலும் இதே கோளாறு வரும், ஆனால் மேலே பார்க்க அழகாக இருக்கும். புதியவருக்கு அதுதான் ஆபத்து. ஆர்க்கில் மோசமான வெல்டு பெரும்பாலும் மோசமாகவே தெரியும்.

சக்கரங்களை வெல்டு செய்யாமல் போல்ட் போடுங்கள்: கைப்பிடிப் பக்கம் சுழல்வது இரண்டு, முன்னால் சுழலாதது இரண்டு. எர்த் கிளாம்பைச் சக்கரத்தில் மாட்டக் கூடாது. கரண்ட் பேரிங் வழியாக ஓடினால் குண்டு தீய்ந்துவிடும்.

இவ்வளவு சிஓடூ புகழ் பாடியவன் சொல்வது முரணாகத் தெரியலாம். மூன்று பக்கம் சுவர் உள்ள ஷெட் இருந்தால் சிஓடூ வாங்குங்கள், சந்தோஷமாக வேலை செய்யலாம். களத்தில் நின்று வெல்டு செய்பவர் என்னுடையது போன்ற மூன்றும் செய்யும் மிஷினுக்குக் காசு கொட்ட வேண்டாம். ஆர்க் மட்டும் உள்ள 200 ஆம்பியர் மிஷினை வாங்கி, மிச்சப் பணத்தில் தானாக இருளும் ஹெல்மெட்டும், நல்ல எர்த் கிளாம்பும், இரண்டு பாக்கெட் ராடும் வாங்குங்கள். வண்டிக்கு அரை பாக்கெட் கூட ஆகாது. மிச்சத்தையெல்லாம் 2 மிமீ துண்டுப் பைப்பில் எரித்துப் பழகிவிட்டு அப்புறம் சட்டத்தில் கை வையுங்கள்.