சிலிண்டரா, படிக்கட்டா? ஒரு வாடகை வீட்டு ஒப்பீடு

தங்கை குடும்பத்துக்குப் புதுச்சேரியில் வீடு தேடியதில் கடைசியாக இரண்டு மிஞ்சின. ரெட்டியார்பாளையத்தில் புதுக் கட்டடம், ஏழாம் மாடி. முத்தியால்பேட்டையில் பழைய கட்டடம், ஐந்தாம் மாடி. வாடகை கிட்டத்தட்ட ஒன்றுதான். தீப்பிடித்தால் எதிலிருந்து உயிரோடு வெளியேற முடியும் என்று பார்த்தோம்.

தீயணைப்பு சிலிண்டரில் புதுக் கட்டடம்தான் முன்னே. மாடிக்கு மாடி பவுடர் சிலிண்டர், அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்கிறது, சீட்டில் போன மாதத் தேதி. முத்தியால்பேட்டையில் கடல் காற்று தன் வேலையைக் காட்டியிருந்தது. சிலிண்டரின் அடிப்பாகம் துருவேறி, முள் சிவப்புக்கு இறங்கிவிட்டது. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டராக இருந்தால் முள்ளே இருக்காது; எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் சிலிண்டரை நாளைக்கே மாற்றலாம், படிக்கட்டை மாற்ற முடியாது. என் முடிவு இதில்தான் இருக்கிறது.

புதுக் கட்டடத்தில் படிக்கட்டு லிஃப்டைச் சுற்றியே ஏறுகிறது, எந்த மாடியிலும் கதவு இல்லை. அதன் அடியில் மீட்டர் பெட்டிகள், பக்கத்திலேயே மின்சார ஸ்கூட்டர்கள் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. அங்கே தீப்பிடித்தால் சூடான புகை புகைபோக்கியில் ஏறுவதுபோல நேராக மேலே ஏறும். ஏழாம் மாடியில் கதவைத் திறந்தால் இறங்கும் வழி முழுக்கப் புகையாக இருக்கும். மறுகோடியில் இரண்டாவது படிக்கட்டு உண்டு. இறங்கிப் பார்த்தோம்: தரைத்தளக் கதவில் பூட்டு. திருட்டுப் பயமாம், சாவி வாட்ச்மேனிடம். பூட்டிய வழியை நான் வழியாகவே கணக்கில் எடுக்க மாட்டேன். பால்கனி கம்பியும் முழுக்க வெல்டிங் செய்தது, திறக்கும் பகுதி எதுவும் இல்லை.

முத்தியால்பேட்டையில் வராந்தாவின் இரு கோடியிலும் படிக்கட்டு. ஒன்று வெளிச்சுவரை ஒட்டி, பக்கம் திறந்தது, புகை தங்காது. இரண்டும் வெவ்வேறு பக்கமாகத் தெருவுக்குப் போகின்றன. உள்படிக்கட்டுக்கு மாடிதோறும் கதவு உண்டு. கதவை முழுதாகத் திறந்து விட்டுப் பாருங்கள், தானாக மூடித் தாழ் விழ வேண்டும். நான்காம் மாடியில் மட்டும் மூடவில்லை. டோர் குளோசர் துருப்பிடித்திருந்தது, கதவுக்குச் செங்கல் முட்டு வேறு. அந்த ஒரு கதவு திறந்திருந்தால் அந்த மாடியில் கிளம்பும் புகை மற்ற எல்லோருடைய படிக்கட்டுக்கும் வந்துவிடும். சின்ன விஷயம் இல்லை, ஆனால் சரிசெய்யக்கூடியது.

விளக்கில்லாமல் இறங்க முடியுமா என்றும் பார்க்க வேண்டும். மின்சாரம் போன நேரத்தில் போங்கள், அல்லது அவசர விளக்கில் இருக்கும் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். இரண்டு கட்டடத்திலும் சில விளக்குகள் எரியவில்லை.

முத்தியால்பேட்டை வீட்டையே எடுத்தோம். அட்வான்ஸ் கொடுக்கும் முன் சங்கச் செயலாளரிடம் மூன்றைக் கேட்டோம்: சிலிண்டர்களை மாற்றுவது, அந்தக் குளோசரைப் புதிதாகப் போடுவது, செங்கல்லை அகற்றுவது. முதல் இரண்டுக்கும் எழுதிக் கொடுத்தார். செங்கல்லை அப்போதே எடுத்துப்போட்டார்.