வரி எண்ணி எண்ணியே இரண்டு வருடம்

பக்கங்களைப் படமெடுத்துக் குறிப்பெடுக்கும்போது ஒவ்வொரு கருத்துக்கும் பக்க எண், வரி எண் போடுகிறாயே, அது பிரயோஜனமா என்று நண்பர் கேட்டார். இரண்டு வருடமாகச் செய்கிறேன். பிரயோஜனம்தான், ஆனால் வரி எண்ணுவது உயிரை வாங்குகிற வேலை.

தலைப்பை வரியாக எண்ணுவதா? அடிக்குறிப்பைச் சேர்ப்பதா? படத்தின் மேல் ஓரம் வெட்டுப்பட்டு முதல் வரி போயிருந்தால் அந்தப் பக்கத்தின் எல்லா எண்ணும் ஒன்று குறைந்துவிடும். இப்போது தலைப்பையும் அடிக்குறிப்பையும் விட்டுவிட்டு எண்ணுகிறேன். பாதிப் பக்கத்தைத் தாண்டினால் கீழிருந்து எண்ணி 'கீ.3' என்று எழுதுகிறேன். அப்படியும் கண் ஒரு வரி தாவிவிடுகிறது.

பெரிய அடி வேறிடத்தில் விழுந்தது. ஒரு நூலில் 112 முதல் 149 வரை, விரித்த பக்கங்களாகப் படமெடுத்தேன். ஒரு படத்தில் இரண்டு பக்கம். பல படங்களில் பக்க எண் சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. சரி, முதல் படம் 112-113 என்றால் ஏழாவது 124-125, எட்டாவது 126-127 என்று கணக்குப் போட்டே குறித்துவிட்டேன். குறிப்பைப் படித்த நண்பரிடம் அதே நூல் இருந்தது. 127, வரி 14-ஐப் புரட்டியவர், "நீ சொல்றது இங்க இல்லையே" என்றார். தாள் ஒட்டிக்கொண்டதில் 126-127 படமாகவே இல்லை. எட்டாவது படம் உண்மையில் 128-129. அதற்குப் பிறகு எல்லாமே இரண்டு பக்கம் தள்ளி இருந்தது. 19 படம் இருக்க வேண்டும், 18தான் இருந்தது; எண்ணிப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். 125-ன் கடைசி வாக்கியம் பாதியில் நிற்க, அடுத்த படம் வேறொன்றாகத் தொடங்கியதையும் கவனிக்கவில்லை.

அன்று முதல் 'ப.129, வரி 14, படம் 8' என்று இரண்டையும் எழுதுகிறேன். அச்சிட்ட எண் கண்ணில் படாவிட்டால் படத்தின் எண் மட்டும்தான்; ஊகித்து எழுதுவதில்லை. தப்பான எண்ணை விட எண் இல்லாததே மேல்.

எதிர்பாராத லாபமும் ஒன்று உண்டு. "விளைச்சல் பாதியாகக் குறைந்தது" என்று எழுதிவிட்டு எண் போட வரியைத் தேடினேன். அப்படியொரு வரியே கிடையாது. 118, வரி 9 சில வயல்களில் குறைந்தது என்கிறது. 'பாதி' என்பது 121, வரி 3-ல், விதையின் அளவைப் பற்றி வருகிறது. இரண்டையும் நானே ஒட்டவைத்திருக்கிறேன்! எண் போடாமல் விட்டிருந்தால் அது நூலாசிரியர் தலையில் விழுந்திருக்கும்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: பக்க எண்ணும் பட எண்ணும் போடு, வரி எண்ணை விட்டுவிடு, பத்தியின் முதல் இரண்டு சொல் போதும். இப்படி அனுப்பிவிட்டு, அவர் கொடுத்த ஒன்பது படங்களைத் திறந்து வைத்திருக்கிறேன். கீழிருந்து ஏழாவதா, எட்டாவதா என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன்.