24 வீதம் என்றார்கள், 26.82 வீதம் வாங்கினார்கள்: நகை அடைவு வைப்போர் கவனத்துக்கு

யாழ்ப்பாணத்தில் நகை அடைவுக்குப் பணம் கொடுக்கும் ஒரு நிதி நிறுவனம் எங்களை ஏமாற்றிய விதத்தை விவரமாக எழுதுகிறேன். இதே கணக்கு இன்னும் பல வீடுகளில் நடந்துகொண்டிருக்கும்.

தம்பியின் கடை வேலைக்காக அம்மாவின் நகைகளை வைத்து 5 இலட்சம் ரூபாய் எடுத்தோம். சீட்டுக் காசு ஒரு வருடம் கழித்துத்தான் வரும் என்பதால், முதலும் வட்டியும் அப்போது ஒன்றாகக் கட்டுவதாகச் சொன்னோம். "அண்ணை, வருடத்துக்கு 24 வீதம். ஒரு இலட்சத்து இருபதாயிரம்தான் வட்டி வரும். கூட்டுறவுச் சங்கத்தில் 25 வீதம் கேட்பார்கள்" என்றார் உத்தியோகத்தர். சங்கத்தில் 25 வீதம் என்பது உண்மைதான். ஆனால் அங்கே வருட முடிவில் ஒரே தடவைதான் வட்டி கணக்கிடுவார்கள்.

மீட்கப் போனபோது கேட்ட தொகை 6,34,121 ரூபாய். 6,20,000க்கு மேல் 14,121 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று கேட்டதும், அடைவுச் சீட்டின் பின்புறத்தில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார்கள்: கட்டாத வட்டி மாதந்தோறும் முதலுடன் சேர்க்கப்படும். பணம் கொடுத்த நாளில் அந்த வரியைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. பச்சைப் பொய்யான ஒரு தொகையை வாய்கூசாமல் சொல்லியிருக்கிறார்கள்.

நடந்தது இதுதான். 24ஐ 12ஆல் பிரித்தால் மாதம் 2 வீதம். முதல் மாத வட்டி 10,000 ரூபாய். அது முதலுடன் சேர்ந்து 5,10,000 ஆகிவிட, இரண்டாம் மாத வட்டி 10,200 ஆகிறது. மூன்றாம் மாதம் 10,404. இப்படியே பன்னிரண்டு மாதமும் ஏறுகிறது.

நீங்களே சரிபார்க்கலாம். கைபேசிக் கணிப்பானில் 1இல் தொடங்கி 1.02ஆல் பன்னிரண்டு தடவை பெருக்குங்கள், 1.2682 வரும். அதில் 1ஐக் கழித்தால் 26.82 வீதம். உண்மையான ஆண்டு வட்டி அதுவே. 2ஐ 12ஆல் பெருக்கிப் பார்த்தால் அவர்கள் சொன்ன 24தான் திரும்ப வரும், களவு தெரியாது. எக்செலில் இப்படி எழுதலாம்:

```
=(1+0.24/12)^12-1
```

சங்கத்துக்குப் போயிருந்தால் வட்டி 1,25,000 ரூபாயுடன் முடிந்திருக்கும். குறைந்த வட்டி என்று காட்டப்பட்ட இடத்தில் 9,121 ரூபாய் கூடுதலாகப் போய்விட்டது. மாதாமாதம் 10,000 ரூபாயைத் தவறாமல் கட்டுகிறவர்களுக்கு வட்டி முதலுடன் சேராது. கட்டாமல் விடுகிறவர்களைத்தான் இது பிடிக்கிறது. ஆகவே கையெழுத்துப் போடும் முன், "இடையில் எதுவும் கட்டாவிட்டால் ஒரு வருடத்தில் மீட்க மொத்தம் எத்தனை ரூபாய்?" என்று கேட்டு, அந்தத் தொகையைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

நிலையான வைப்பிலும் விழிப்பாக இருங்கள். அங்கே பெரிய எண்ணைத்தான் விளம்பரத்தில் போடுவார்கள். மாதக் கூட்டு வட்டியில் 12 வீதம் என்பது 12.68 வீதமாக மாறுவது, வட்டியை எடுக்காமல் விட்டால் மட்டுமே. செலவுக்கு மாதாமாதம் வட்டி எடுக்கும் ஓய்வூதியக்காரருக்கு 1 இலட்சத்துக்கு 1,000 ரூபாய் வீதம் வருடத்தில் 12,000தான் கையில் வரும்.