அப்பாவின் கணக்கில் ஒளிந்திருந்த சந்தா

போன வாரம் மைத்துனர் கேட்டார்: "செயலியை நீக்கிவிட்டேன், சந்தா நின்றுவிடும் அல்லவா?" நிற்காது. செயலியை நீக்குவது ஒன்று, சந்தாவை நிறுத்துவது வேறொன்று. அவருக்குச் சொன்னதையே விரிவாக எழுதுகிறேன்.

பழைய கச்சேரிப் பதிவுகள் கேட்கும் செயலி ஒன்றை மூன்று ஆண்டுகளாக வைத்திருக்கிறோம். பதிவுகளின் தரத்தில் குறையே கிடையாது. தம்புராவின் இழை வரை காதில் விழும். ஆண்டுச் சந்தா 1,499 ரூபாய். இந்த ஆண்டு வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். ஆனால் மார்ச் 7 அன்று பணம் போய்விட்டது. முந்தைய நாளே வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்திருந்தது. அதில் செயலியின் பெயர் இல்லை, ப்ளே ஸ்டோரின் பெயரும் தொகையும் மட்டுமே இருந்தன. வேறு ஏதோ கட்டணம் என்று விட்டுவிட்டேன்.

நிறுவனத்தின் இணையதளத்தில் நுழைந்தேன். ரத்து செய்யும் பொத்தான் இல்லை. "உங்கள் சந்தா கூகுள் ப்ளே வழியாகச் செலுத்தப்படுகிறது" என்று ஒரே ஒரு வரி. சரி என்று ப்ளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலது மூலையில் இருக்கும் என் படத்தைத் தொட்டு, `Payments & subscriptions`, அதற்குள் `Subscriptions` என்று போனேன். அங்கே எந்தச் சந்தாவும் இல்லை. நிறுவனத்துக்கு எழுதினேன்; ஸ்டோரில் பாருங்கள் என்றார்கள். ஸ்டோரிலோ ஒன்றுமே இல்லை! ஐந்து நாள் இப்படியே அலைந்தேன்.

விஷயம் இதுதான். செயலிக்குள் நுழைவது என் மின்னஞ்சலில். பணம் போவது என் வங்கிக் கணக்கிலிருந்து, யுபிஐ ஆட்டோபே வழியாக. ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு முன் சந்தாவை வாங்கியது அப்பாவின் தொலைபேசியில். அப்போது ப்ளே ஸ்டோரில் இருந்தது அவருடைய கூகுள் கணக்கு. சந்தா அந்தக் கணக்கைத்தான் சேரும். ரசீதும் அவருடைய மின்னஞ்சலுக்கே போகும், அதை வீட்டில் யாரும் திறப்பதில்லை. கடைசியில் அந்த மின்னஞ்சலைத் திறந்து `GPA` என்று தேடினேன். ப்ளே ஸ்டோரின் ஆர்டர் எண்கள் அந்த எழுத்துகளில்தான் தொடங்கும். ரசீதுகள் எல்லாம் வரிசையாக இருந்தன.

அதன் பிறகு ஒரு நிமிட வேலை. கணினியில் அப்பாவின் கணக்கில் நுழைந்து `play.google.com/store/account/subscriptions` முகவரிக்குப் போனேன். பழைய தொலைபேசியைத் தேடவேண்டிய தேவைகூட இல்லை. சந்தாவைத் தொட்டு ரத்து கொடுத்ததும் காரணம் கேட்டது, ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன், முடிந்தது. கெஞ்சல் இல்லை, சலுகை காட்டி இழுக்கவும் இல்லை. கட்டிய பணத்துக்கு அடுத்த மார்ச் வரை கேட்கலாம். இந்த நேர்மையைப் பாராட்டியே ஆகவேண்டும்.

நண்பர் ஒருவர், ஆட்டோபே அனுமதியை மட்டும் யுபிஐ செயலியில் நீக்கிவிட்டால் போதுமே என்றார். போதாது. பணம் நிற்கும், சந்தா உடனே நிற்காது. கட்டணம் வரவில்லை என்று அது சில காலம் காத்திருக்கும். அந்தக் கணக்கில் வேறு அட்டை சேமித்து வைத்திருந்தால் அதில் கைவைக்கவும் வாய்ப்புண்டு. முதலில் ஸ்டோரில் ரத்து, பிறகு அனுமதி நீக்கம். இந்த வரிசைதான் சரி. ஐபோன் வைத்திருக்கும் மைத்துனருக்கு இடம் மட்டும் வேறு: `Settings` திறந்து, மேலே இருக்கும் தன் பெயரைத் தொட்டு, `Subscriptions`. புதுப்பிக்கும் நாளுக்கு முந்தைய நாளே முடித்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

என் கோபமெல்லாம் நிறுவனத்தின் இணையதளத்தில் இருந்த அந்த ஒற்றை வரியின் மீதுதான். பணம் போன 48 மணி நேரத்துக்குள் கேட்டால் கூகுளே திருப்பித் தர வாய்ப்புண்டு. அதற்குப் பிறகு செயலியை நடத்துபவரிடம்தான் கேட்கவேண்டும். எந்த நாளில், எந்த ஆர்டர் எண்ணில் வாங்கியது என்று அந்தப் பக்கத்தில் ஒரு குறிப்பு இருந்திருந்தால் முதல் நாளே அப்பாவின் கணக்கு நினைவுக்கு வந்திருக்கும். நிறுவனத்திடம் ஆர்டர் எண்ணைக் கொடுத்துப் பணத்தைக் கேட்டேன். எங்களால் முடியாது என்று பதில் வந்தது. ஆர்டர் எண் கையில் இருந்தால் நடத்துபவர் தன் பக்கத்திலிருந்தே திருப்பித் தரலாம்; முடியாது என்பது உண்மையல்ல, மனமில்லை என்பதே உண்மை. மூன்று ஆண்டு வாடிக்கையாளரிடம் இப்படியா நடந்துகொள்வது?

ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டேன். தம்புரா இழைக்காக அதை மாற்றப்போவதில்லை.

நேற்றுக் காலை அப்பா கேட்டார், "அடுத்த மார்ச்சுக்குப் பிறகு பாட்டு வராதா?" அவர்களுடைய இணையதளத்தில் இதே சந்தா 1,299 ரூபாய்தான், அங்கே வாங்கும் சந்தாவுக்கு ரத்து செய்யும் பொத்தானும் அங்கேயே இருக்கிறது. மார்ச் 8 அன்று என் மின்னஞ்சலில், கணினியில் உட்கார்ந்து கட்டிவிடுகிறேன் என்று சொன்னேன்.