6,75,000 ரூபாய் போச்சு: பிரைவேட் கம்பெனி பங்கு விற்கப் போறவங்க கவனம்

நேற்று ராத்திரி ஆடிட்டர் கணக்குப் போட்டுக் காட்டினதிலிருந்து தூக்கமில்லை. 6,75,000 ரூபாய். என் கையெழுத்தாலேயே போனது.

கோவையில் பெரியப்பா குடும்பம் நடத்தும் சின்ன ஃபவுண்டரி. மொத்தம் 20,000 பங்கு, முகமதிப்பு 100 ரூபாய். அதில் அப்பா வழியாக எனக்கு வந்தது 2,000. அண்ணன் (பெரியப்பா மகன், அவர்தான் எம்.டி.) வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். விலைக்கு, "48 மணி நேரத்தில் மதிப்பீட்டு அறிக்கை" தரும் ஒரு ஆன்லைன் தளத்தின் லிங்க்கையும் அவரே அனுப்பினார். 15,000 கட்டினேன். வீடியோ காலில் வந்த பையன், "ரெண்டு முறையிலும் போட்டு சராசரி எடுத்திருக்கோம் சார், இதைவிட நியாயமா யாரும் போட முடியாது" என்றான். அந்த 'ரெண்டு முறை'யில்தான் விழுந்தேன்.

நிகர சொத்து முறை: பேலன்ஸ் ஷீட்டில் சொத்து 60 லட்சம், கடன் 25 லட்சம். மீதி 35 லட்சத்தை 20,000 பங்கால் வகுத்து 175 ரூபாய். ஈட்டு முறை: டிவிடெண்ட் 6 சதவீதம், இந்தத் தொழிலில் எதிர்பார்க்கும் ஈட்டு 12 சதவீதம், ஆக நூறில் பாதி, 50 ரூபாய். சராசரி 112.50. பங்கை மாற்றிக் கொடுக்கும் எஸ்.எச்-4 படிவத்தில் கையெழுத்துப் போட்டு 2,25,000 வாங்கினேன்.

ஆடிட்டர் முதலில் கேட்டது, "இடம் என்ன விலைக்கு நிற்குது?" 1994-ல் வாங்கிய 8 லட்சத்துக்கே நிற்கிறது. இன்றைக்கு 98 லட்சம். 90 லட்சத்தைக் கூட்டி, வராக்கடன் 5 லட்சத்தைக் கழித்தால் நிகர சொத்து 1.20 கோடி, பங்குக்கு 600. அப்புறம் லாபம்: வரி போக வருஷம் 7.2 லட்சம், அதாவது பங்கு மூலதனம் 20 லட்சத்தில் 36 சதவீதம். அதை 12-ஆல் வகுத்து, முகமதிப்பு 100-ஆல் பெருக்கினால் 300. சராசரி 450. நான் வாங்கினதைவிட பங்குக்கு 337.50 அதிகம், 2,000 பங்குக்கு 6,75,000. சிறுபான்மைப் பங்குக்கு டிவிடெண்டை வைத்துப் போடுவது வழக்கம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 36 சம்பாதித்து 6 மட்டும் பிரித்தது யார்? வாங்குகிற அதே அண்ணன். என் 10 சதவீதத்தோடு அவர் கையில் இப்போது 55.

தளத்துக்குப் போன் போட்டால், "நீங்க கொடுத்த பேலன்ஸ் ஷீட்டுக்குத்தான் சார் போட்டோம்." மறுபடி போட்டால், "14-ம் பக்கம் பொறுப்புத்துறப்பு படிச்சீங்களா?" மூன்றாம் முறை மெயிலில் ஒரு வரி: உங்கள் புகார் முடிக்கப்பட்டது. 6,75,000 போனவனுக்கு ஒரு வரி!

இன்னும் முடியவில்லை. வருமான வரிச் சட்டப்படி, வரி விதிகள் சொல்லும் முறையில் வரும் மதிப்புக்குக் கீழே விற்றால் அந்த மதிப்புக்கே விற்றதாகத்தான் எடுப்பார்களாம். அதில் இடத்துக்கு அரசு வழிகாட்டி மதிப்பு, எங்களுக்கு 70 லட்சம். பங்குக்கு 485 வருகிறது. வாங்காத பணத்துக்கும் நான் வரி கட்டணும்.

விரிவாக எழுத நினைத்தேன், முடியலை. இடத்தின் இன்றைய விலை அறிக்கையில் இருக்கா பாருங்க. ஈட்டுக்கு டிவிடெண்டா லாபமா எதை எடுத்தாங்கன்னு கேளுங்க. வாங்குறவர் காட்டுற மதிப்பீட்டாளரிடம் போகாதீங்க. வக்கீலைப் பார்க்கக் கிளம்புறேன்.