நனைந்த நூலைத் திருப்பும்போது டெபிட் நோட்டா, சேல்ஸ் பில்லா?

பல்லடத்து மில்லில் இருந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்கு 30-ஆம் நம்பர் காட்டன் நூல் 20 மூட்டை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மூட்டைக்கு 50 கிலோ, கிலோ 250 ரூபாய், பில்லிலேயே 2% டிஸ்கவுண்ட். வரிக்கு முந்தைய மதிப்பு 2,45,000. 5% ஜிஎஸ்டி 12,250. லாரியில் தார்ப்பாய் விலகி 3 மூட்டை நனைந்துவிட்டது. மில்லும் திருப்பி எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கிறது. இதற்கு இரண்டு வழி உண்டு.

முதல் வழி டெபிட் நோட். டெலிவரி சலான் போட்டு மூட்டையை அனுப்பி, கூடவே டெபிட் நோட்டும் கொடுப்பது. அதில் மில் பில்லின் நம்பர், தேதி, எச்எஸ்என் மூன்றும் அப்படியே இருக்க வேண்டும். தவறு நடப்பது பெரும்பாலும் எடையிலும் ரேட்டிலும்தான். நனைந்த நூல் ஈரத்தைக் குடித்திருக்கும்; தராசில் வைத்தால் 150 கிலோ 158 காட்டும். அதை எழுதக் கூடாது, பில்லில் ஏறிய 150 கிலோதான் கணக்கு. ரேட்டும் 250 இல்லை, டிஸ்கவுண்ட் போக 245. ஆக 36,750, வரி 1,837.50; மொத்தம் 38,587.50. அவசரத்தில் 250 போட்டால் 39,375 வரும். மில் தன் கணக்குப்படி 38,587.50-க்குத்தான் கிரெடிட் தரும். மிச்சம் 787.50 வருஷக் கடைசி வரை லெட்ஜரில் தொங்கும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. வாங்கியவர் தரும் டெபிட் நோட்டால் மட்டும் மில்லின் வரி குறையாது. ஜிஎஸ்டி சட்டம் 34-ஆம் பிரிவுப்படி மில்தான் கிரெடிட் நோட் போட்டு GSTR-1-ல் ஏற்ற வேண்டும். அது நம் GSTR-2B-யில் 1,837.50 என்று வந்ததா என்று பார்த்து, அந்த உள்ளீட்டு வரியை GSTR-3B-யில் ரிவர்ஸ் செய்ய வேண்டும். வரவில்லை என்றால் மில் அக்கவுண்டண்ட்டுக்கு உடனே போன் போடுங்கள்.

இரண்டாவது வழி, திரும்பும் 3 மூட்டைக்கு நாமே மில் பெயரில் சேல்ஸ் பில் போடுவது. 2018 அக்டோபரில் காலாவதி மருந்துகளுக்காக வந்த 72-ஆம் எண் சுற்றறிக்கை இந்த வழியையும் ஏற்கிறது. வேறு காரணத்தால் திரும்பும் சரக்குக்கும் அது பொருந்தும் என்கிறது. இங்கே ரிவர்ஸ் வேலை இல்லை. நாம் 1,837.50 வரி கட்டுவோம், மில் அதை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளும். ஆனால் பழைய பில்லோடு தொடர்பு அறுந்துபோகும். மில் லெட்ஜரில் அந்தப் பில் முழுசாக 2,57,250 என்றே நிற்கும், திரும்பிய சரக்கு தனி கொள்முதலாக ஏறும். நம் விற்பனைத் தொகையும் தேவையில்லாமல் உயரும்.

அதனால் அதே வருஷத்துச் சரக்கு என்றால் டெபிட் நோட்தான் சரி. மில் வரியைக் குறைக்கும் கிரெடிட் நோட்டுக்கு, பில் போட்ட நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரைதான் கெடு. ஆண்டு ரிட்டர்னை அதற்கு முன்பே தாக்கல் செய்துவிட்டால், தாக்கல் செய்த தேதியோடு கெடு முடிந்தது. அதைத் தாண்டிய பழைய சரக்கு என்றால் மட்டும் சேல்ஸ் பில் போடுங்கள்.